ஐந்து பவுண் கொடியும் அதற்கு வந்த பில்லும்

கேள்வி: அண்ணை, தம்பிக்கு ஆவணியில் கலியாணம். கிளிநொச்சியில் ஐந்து பவுணில் தாலிக்கொடி செய்யக் கேட்டோம். பலகையில் இருந்த பவுண் விலையை ஐந்தால் பெருக்கித்தான் காசு சேர்த்து வைத்திருந்தோம். கடைக்காரர் தந்த கணக்கு அதைவிட இரண்டு இலட்சம் அளவில் கூட. இன்னொரு கடையில் சேதாரமே இல்லை என்கிறார்கள், ஆனால் மொத்தம் கிட்டத்தட்ட அதேதான். வவுனியாவில் ஒரு கடை வற் என்று வேறு சேர்க்கிறது. அம்மாவின் பழைய சங்கிலி இரண்டு பவுணையும் மாற்ற இருக்கிறோம். எந்தக் கணக்குச் சரி, எதை வைத்து ஒப்பிடுகிறது?

பதில்:

மூன்று கடைக் கணக்கும் சரியாகவே இருக்கலாம், தங்கச்சி. ஒவ்வொரு கடையும் தன் வருமானத்தைப் பில்லில் வெவ்வேறு பெயரில் எழுதுகிறது, அவ்வளவுதான். சேதாரத்தைச் சேதாரத்தோடும் கூலியைக் கூலியோடும் ஒப்பிடப் போனால் நீங்கள் குழம்பிப் போவீர்கள். ஒப்பிட ஒரே ஒரு எண் போதும். கையில் வரும் நகையின் சுத்த நிறையை அன்றைய தங்க விலையால் பெருக்குங்கள். கடை கேட்கும் கடைசித் தொகையிலிருந்து அதைக் கழியுங்கள். மிச்சத்தை எத்தனை பவுணோ அத்தனையால் வகுங்கள். பவுணுக்கு எவ்வளவு மேலதிகமாகக் கொடுக்கிறீர்கள் என்பது அப்போது தெரியும். அன்றைய விலை என்று நான் சொல்வது எல்லாக் கடைக்கும் ஒரே விலையை. அந்தந்தக் கடைப் பலகையில் இருப்பதை எடுக்காதீர்கள். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

தங்க விலை நாளுக்கு நாள் மாறுவதால், கணக்கு விளங்குவதற்காக 22 கரட் ஒரு கிராம் 40,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். நம் நாட்டில் நகைக்கடைப் பவுண் 8 கிராம். ஆகவே ஒரு பவுண் 320,000. ஐந்து பவுண் என்றால் 40 கிராம், தங்கத்தின் விலை 16 இலட்சம். நீங்கள் பெருக்கி வைத்திருந்தது இந்தத் தொகையைத்தான். பலகையில் இருப்பது 22 கரட் விலையா 24 கரட் விலையா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருப்பார்கள். கொடி செய்வது 22 கரட்டில், அதாவது நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம். மிச்சம் செம்பும் வெள்ளியும்.

முதல் கடை சேதாரம் 8%, கூலி கிராமுக்கு 1,500 என்று கேட்டதாக வைப்போம். 40 கிராமுக்கு 8% என்றால் 3.2 கிராம். அந்த 3.2 கிராம் உங்கள் கைக்கு வராது, ஆனால் அதற்கும் தங்க விலைதான்: 128,000. கூலி 60,000. மொத்தம் 1,788,000. தங்கத்துக்கு மேலே 188,000, பவுணுக்கு 37,600. நீங்கள் சொல்லும் 'இரண்டு இலட்சம் அளவில்' இப்படித்தான் வந்திருக்கும்.

இதில் கூலி என்னவென்று யாருக்கும் விளங்கும். விளங்காதது சேதாரம், ஆகவே அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். நான் பல காலம் ஒரு நகைக்கடையில் கணக்கு எழுதியவன். பின்பக்கத்தில் பட்டறை இருந்ததால் தங்கம் எங்கே போகிறது, எங்கே போவதில்லை என்று கண்ணால் பார்த்தேன்.

பத்தர் தங்கத்தை மூசையில் போட்டு, வெண்காரம் தூவி உருக்கி, கட்டியாக வார்ப்பார். பிறகு அடித்து, துளைத் தகட்டுக்குள்ளால் இழுத்து இழுத்துக் கம்பியாக்குவார். கம்பியை வளையமாக வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று கோர்த்து, ஒவ்வொரு பொருத்தையும் ஒட்டப் பற்றாசு வைத்து ஊதுவார். பிறகு அரத்தால் ராவி, கடைசியில் மெருகு போடுவார். உருக்கும்போது கொஞ்சம் மூசையில் ஒட்டும். ராவும்போது அரப்பொடி விழும். மெருகு போடும்போது கண்ணுக்குத் தெரியாத தூளாகப் போகும். இந்த இழப்பு உண்மை. அதை யாரோ ஒருவர் தாங்கத்தான் வேண்டும்.

ஆனால் அரப்பொடி குப்பைக்குப் போவதில்லை. வேலைப் பலகைக்குக் கீழே தோலோ துணியோ கட்டியிருக்கும், பொடி அதில் சேரும். பட்டறையில் கூட்டி அள்ளிய தூசியைக்கூட எறிய மாட்டார்கள். அதைச் சேர்த்து வைத்து, எரித்து, கழுவித் தங்கத்தை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கூட்டலுக்கு விலை உண்டு. அதனால் பில்லில் இருக்கும் சேதார வீதமும் பட்டறையில் மெய்யாகவே தொலைந்த தங்கமும் ஒன்றல்ல. வித்தியாசம் கடையினதோ பத்தரினதோ வருமானம். அதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். கைவேலைக்குக் கொடுக்கிற காசில் ஒரு பகுதி தங்கமாகக் கொடுபடுகிறது, பழைய வழக்கம் அது. அதன் பெயரை மட்டும் நம்பி, அவ்வளவும் காற்றில் போய்விட்டது என்று எண்ண வேண்டாம். பேரம் பேச இடம் இருப்பதும் அதில்தான். இயந்திரத்தில் பின்னி வரும் சங்கிலிக்குக் கைவேலைக் கொடியின் சேதாரத்தைக் கேட்டால் தயங்காமல் மறுத்துப் பேசுங்கள். இயந்திரத்தில் இழப்பு மிகக் குறைவு.

வீதமாகச் சேதாரம் போடுவதில் நம் ஆட்கள் கவனிக்காத விசயம் ஒன்று இருக்கிறது. தங்க விலை ஏறும்போது அதுவும் தானாக ஏறும். கிராம் 20,000 ஆக இருந்த காலத்தில் இதே கொடிக்கு இதே 8% என்றால் 64,000 தான். இப்போது 128,000. பத்தர் செய்த வேலை அதேதான், ஊதிய பொருத்துகளும் அத்தனைதான். 2022 இல் ரூபா விழுந்த பிறகு தங்க விலை ஏறிய ஏற்றத்தில் கூலி அந்த அளவு ஏறவில்லை, ஆனால் சேதாரத்தின் பெயரில் போகும் காசு தங்கத்தோடு சேர்ந்து ஏறிவிட்டது. ஆகவே கடையில் 'எத்தனை வீதம்' என்று மட்டும் கேட்காதீர்கள். 'அது எத்தனை கிராம், இன்றைக்கு எத்தனை ரூபா' என்று கேளுங்கள். எட்டு வீதம் என்னும்போது சின்னதாகத்தான் தெரியும். ஒரு இலட்சத்து இருபத்தெட்டாயிரம் என்று கேட்டால் பேச வாய் வரும்.

இனி, சேதாரம் இல்லை என்று சொன்ன கடை. அவர்கள் கூலியைக் கிராமுக்கு 4,500 என்று போட்டிருந்தால் 40 கிராமுக்கு 180,000. முதல் கடையில் சேதாரமும் கூலியும் சேர்ந்து 188,000. எட்டாயிரம் இலாபம் போலத் தெரிகிறது. இப்போது அவர்களின் பலகையைப் பாருங்கள். கிராம் 40,200 என்று இருந்தால், ஒரு பவுணுக்கு 1,600 தான் கூட. யாரும் கவனிக்க மாட்டார்கள். நாற்பது கிராமுக்கு அது 8,000. மொத்தம் அதே 1,788,000. எல்லாக் கடைக்கும் ஒரே தங்க விலையை வைத்துக் கழிக்கச் சொன்னது இதற்காகத்தான். அப்படிக் கழித்தால் இரண்டு கடையிலும் பவுணுக்கு 37,600 என்றே வரும், பெயர் மட்டும் வேறு. கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, வவுனியா பஜார் வீதி, யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதி, எங்கே கேட்டாலும் அதே நாளில், முடிந்தால் அதே காலையில் கேளுங்கள். இன்று ஒரு கடை, மூன்று நாள் கழித்து இன்னொரு கடை என்று போனால் நீங்கள் ஒப்பிடுவது கடைகளையல்ல, விலை நகர்வை.

கல் வைத்த நகையும் சேர்த்து எடுக்கிறீர்கள் என்றால், கல்லோடு சேர்த்து நிறுத்த நிறைக்குச் சேதாரம் போடுகிறார்களா என்று பாருங்கள். கல்லின் நிறையைக் கழித்த பிறகு மிஞ்சும் தங்கத்துக்குத்தான் விலையும் சேதாரமும். மொத்த நிறை, கல் நிறை, சுத்த நிறை மூன்றும் பில்லில் தனித்தனியாக இருக்க வேண்டும். கொடிக்கு இந்தப் பிரச்சினை அனேகமாக வராது, தோட்டுக்கும் அட்டியலுக்கும் வரும்.

அடுத்தது வற். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வற்றுக்குப் பதிவு செய்த வியாபாரி மட்டும்தான் வற் என்ற பெயரில் காசு வாங்கலாம். 2024 ஜனவரி முதல் வீதம் 18. அந்தத் தேதியிலேயே பதிவுக்கான வருட விற்பனை எல்லையும் 8 கோடியிலிருந்து 6 கோடியாக இறக்கப்பட்டது. பவுண் 320,000 விற்கும்போது 6 கோடி என்றால் வருடத்துக்கு 190 பவுணுக்கும் குறைவு, மாதத்துக்கு ஏறக்குறைய பதினாறு பவுண். நகைக்கடைக்கு அது பெரிய விற்பனை இல்லை, கலியாணச் சீசனில் ஒரு கிழமையிலேயே போய்விடும். ஆகவே வவுனியாக் கடை வற் சேர்க்கிறது என்றதும் அது கூடாத கடை என்று முடிவெடுக்க வேண்டாம். பதிவு உள்ள கடை என்றால் வரிப் பற்றுச்சீட்டில் அதன் வற் பதிவு இலக்கம் அச்சாகியிருக்கும். அதைத் தேடுங்கள். இலக்கம் இல்லாத பில்லில் வற் என்று ஒரு வரி இருந்தால் அந்தக் காசைக் கொடுக்க வேண்டியதில்லை.

வற் தங்கத்துக்கு மட்டும் போடப்படுவதில்லை. தங்கம், சேதாரம், கூலி எல்லாம் சேர்ந்த தொகையின் மேல்தான் 18%. நம் கணக்கில் 1,788,000 இன் 18% என்பது 321,840. மொத்தம் 2,109,840. இப்போது பவுணுக்கு மேலதிகம் 37,600 அல்ல, கிட்டத்தட்ட 102,000. சேதாரத்தில் நீங்கள் பேசிக் குறைக்கிற ஒவ்வொரு நூறு ரூபாவும் வற் உள்ள பில்லில் 118 ரூபாவாகக் குறைகிறது. வற் கடையில் சேதாரத்தைப் பற்றி இன்னும் கடுமையாகப் பேச வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான். சில கடைகள் விலையிலேயே வற்றை அடக்கிச் சொல்வார்கள். அப்போது தனி வரியாகக் காட்டத் தேவையில்லாமல் மொத்தம் ஒன்றாக வரும். கடைசித் தொகையை வைத்தே நாம் ஒப்பிடுவதால் அதுவும் நமக்குப் பிரச்சினை இல்லை. கேட்க வேண்டியது ஒன்றுதான்: 'இப்ப சொன்ன விலையில வற் அடக்கமோ, இனித்தான் போடுவியளோ?' இதைக் கேட்காமல் முற்பணம் கட்டி, நகை எடுக்கப் போன அன்று மூன்று இலட்சம் மேலே வந்து நின்ற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

சமூகப் பாதுகாப்பு உதவுதொகை என்று 2022 ஒக்டோபரில் வந்த 2.5% வரியையும் சிலர் பேச்சில் இழுப்பார்கள். அது வியாபாரியின் விற்பனைப் புரள்வின் மேல் வருவது, பெரும்பாலும் விலைக்குள்ளேயே இருக்கும். அதற்கு அதிகம் மினக்கெட வேண்டாம்.

திருச்சியில் வாங்கினால் 3% வரிதானே என்று யாராவது சொந்தக்காரர் சொல்வார்கள். உண்மைதான், இந்தியாவில் நகை பில்லில் ஜிஎஸ்டி 3%, அதுவும் தங்கம், சேதாரம், கூலி சேர்ந்த தொகையின் மேல். ஆனால் அங்கே சேதார வீதம் டிசைனைப் பொறுத்து இரட்டை இலக்கத்துக்குப் போகும். பலாலியிலோ கட்டுநாயக்காவிலோ இறங்கும்போது சுங்கத்தின் கணக்கு வேறு. வரி வீதத்தை மட்டும் பார்த்து ஒரு கொடிக்காகப் பயணம் போவதை நான் சொல்ல மாட்டேன்.

இனி அம்மாவின் சங்கிலி. நீங்கள் கூடக் கவனம் வைக்க வேண்டியது இங்கேதான், ஏனென்றால் காசு சத்தமில்லாமல் போகிற இடம் இது.

இரண்டு பவுண், 16 கிராம். பலகை விலையில் 640,000 என்று மனதில் வைத்துக்கொண்டு போவீர்கள். கடைக்காரர் முதலில் நிறுப்பார். பிறகு கரட் பார்க்கும் மெசினில் வைப்பார், அல்லது உருக்கிப் பார்ப்பார். 22 என்று முத்திரை இருந்தாலும் 21 என்று வரலாம். அது பொய் என்று உடனே சண்டைக்குப் போக வேண்டாம். கைவேலைச் சங்கிலியில் நிறையப் பொருத்து, ஒவ்வொன்றிலும் பற்றாசு. பற்றாசு தங்கத்தைவிடக் குறைந்த சூட்டில் உருக வேண்டும் என்பதற்காக அதில் வேறு உலோகம் கூடுதலாக இருக்கும். முழுச் சங்கிலியையும் உருக்கினால் அதெல்லாம் கலந்து கரட் இறங்கும். மெசின் மேற்பரப்பை மட்டும்தான் வாசிக்கும் என்பதையும் மனதில் வைத்திருங்கள். அழுக்கும் முலாமும் அதைக் குழப்பும். இரண்டு மூன்று இடத்தில், அதில் ஒரு இடம் உரசிய பிறகு, வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

21 என்று வைத்துக்கொண்டால் 16 கிராம் 22 கரட் கணக்கில் 15.27 கிராம் ஆகிறது. அடுத்தது விலை. பழைய தங்கத்தைக் கடை பலகை விலைக்கு எடுக்காது. கிராம் 38,500 க்கு எடுத்தால் 588,000. நீங்கள் நினைத்ததைவிட 52,000 குறைவு. இதற்கு மேலும் உருக்குக் கழிவு என்று ஒன்றைக் கழிக்கும் கடையும் உண்டு. கரட்டையும் குறைத்து, விலையையும் குறைத்து, உருக்குக் கழிவும் கழித்தால் அதில் ஏதாவது ஒன்றை விடச் சொல்லிக் கேட்பது நியாயம். உருக்கிய பிறகு நிறுத்தார்கள் என்றால் இழப்பு ஏற்கெனவே நிறையில் தெரிந்துவிட்டது, திரும்பவும் கழிவு என்பது இரண்டாம் தரம் எடுப்பது.

உங்களுக்கு நல்லது வேறொன்று. நீங்கள் சங்கிலியை விற்கப் போகவில்லை, அதைக் கொடியாக்கப் போகிறீர்கள். 'காசாக வரவு வைக்காமல், கிராமாக வரவு வையுங்கோ' என்று கேளுங்கள். அதாவது 15.27 கிராமும் 40 கிராமிலிருந்து அப்படியே கழிபடும், மிச்சம் 24.73 கிராமுக்கு மட்டும் தங்க விலை கொடுப்பீர்கள். அப்போது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையில் உள்ள வித்தியாசம் உங்களிடமிருந்து போகாது. நம் கணக்கில் அது கிட்டத்தட்ட 23,000 ரூபா. சேதாரமும் கூலியும் முழு 40 கிராமுக்கும் கேட்பார்கள். அது சரி, வேலை முழுவதற்கும்தானே நடக்கிறது. எல்லாக் கடையும் இதற்கு ஒத்துக்கொள்ளாது. சொந்தப் பட்டறை உள்ள கடையும் தனியாகத் தொழில் செய்யும் பத்தரும் ஒத்துக்கொள்வார்கள். செய்து வைத்த நகையை விற்கிற கடைக்கு உங்கள் பழைய தங்கம் வேலைக்கு வராது, அவர்கள் காசாகத்தான் வரவு வைப்பார்கள்.

வற் கடையில் பழைய நகையைக் கொடுத்து மாற்றும்போது இன்னொன்றும் நடக்கும். வரி புது நகையின் முழு விலைக்கும் வரும். பழையதின் பெறுமதியைக் கழித்த மிச்சத்துக்கு மட்டும் வரி என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். உங்கள் சங்கிலி அந்தக் கணக்கில் காசுக்குப் பதிலாகக் கொடுத்த ஒரு பொருள், அவ்வளவுதான்.

பொன்னுருக்கலையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும், பில்லில் அது அடிக்கடி மறைந்துபோகிறது. மாப்பிள்ளை வீட்டில் நல்ல நேரத்தில் உருக்குவதற்குத் தங்கக் காசு வாங்குவீர்கள். பத்தர் வீட்டுக்கு வந்து உருக்கி, அந்தத் துண்டைத் தாலி செய்யக் கொண்டு போவார். அந்தத் தங்கத்துக்கு நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்தாயிற்று. கொடியும் தாலியும் சேர்த்து நிறுத்து 40 கிராம் என்று பில் போட்டால் அந்தத் துண்டுக்கு இரண்டாம் தரம் கொடுக்கிறீர்கள். உருக்கிய துண்டை அங்கேயே நிறுத்து, நிறையை எழுதி, வரவாகக் கழிக்கச் சொல்லுங்கள். காசு 24 கரட்டாக இருந்தால் அதில் செம்பு கலந்துதான் 22 ஆக்குவார்கள், நிறை கூடும்: 2 கிராம் காசு 2.18 கிராம் 22 கரட் தங்கம் ஆகும். அந்தக் கூடுதலும் உங்களுடையதுதான். மங்கல காரியத்தில் தராசு பிடித்துக்கொண்டு நிற்கிறதா என்று பெரியாட்கள் சினப்பார்கள். பத்தரிடம் முதல் நாளே சொல்லி வைத்தால் அவரே அமைதியாக நிறுத்து எழுதித் தருவார், தொழில் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும், கூலியும் சேதாரமும் வற்றும் கொடுத்த அன்றோடு முடிந்தவை. நாளைக்கு விற்கப் போனாலும் அடகு வைக்கப் போனாலும் அவற்றுக்கு யாரும் ஒரு சதம் தர மாட்டார்கள். வங்கியில் நிறையும் கரட்டும்தான் பார்ப்பார்கள். வன்னியில் காலபோக விதைப்புக்கு முன் நகை வங்கிக்குப் போய், அறுவடை முடிந்து திரும்புவது எத்தனை வீட்டில் நடக்கிறது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த வேலைக்கும் உதவ வேண்டிய நகை என்றால் வேலைப்பாடு குறைந்த, பொருத்துக் குறைந்த சங்கிலியாகவோ காப்பாகவோ எடுங்கள். கொடிக்கு நான் இந்தக் கணக்குப் பார்க்கச் சொல்லவில்லை. அது வாழ்நாள் முழுக்கக் கழுத்தில் கிடப்பது, நல்ல கைவேலைக்குப் பவுணுக்கு முப்பத்தைந்து நாற்பது ஆயிரம் கொடுப்பது வீண் இல்லை. ஆனால் அதோடு சேர்த்து எடுக்கிற மற்ற நகைகளுக்கும் அதே கூலியைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்காதீர்கள்.

கடைசியாக ஓடர் சீட்டு. கொடி செய்து வைத்ததை வாங்குவதில்லை, சொல்லிச் செய்விக்கிறது. ஆகவே பணம் கட்டும் நாள் ஒன்று, நகை எடுக்கும் நாள் இன்னொன்று. இடையில் விலை நகரும். நீங்கள் முற்பணம் கட்டிய அன்று விலை நின்றுவிட்டது என்று நினைப்பீர்கள். கடைக்காரர், கட்டிய காசுக்கு எத்தனை கிராமோ அதற்கு மட்டும்தான் அன்றைய விலை, மிச்சத்துக்கு எடுக்கிற நாள் விலை என்பார். இரண்டும் நடைமுறையில் உள்ளவைதான். எது என்று சீட்டில் எழுதியிருக்க வேண்டும்.

நிறையும் அப்படியே. 40 கிராம் சொல்லியிருப்பீர்கள், செய்து வந்தது 41.3 கிராமாக இருக்கும். கைவேலையில் மில்லிக் கணக்காகச் சரியாக நிற்காது, அது பத்தரின் குற்றமில்லை. ஆனால் அந்த 1.3 கிராமுக்கும் தங்க விலை, சேதாரம், கூலி மூன்றும் வரும். எடுக்கிற நாளில் கிராம் 41,000 ஆகியிருந்தால் தங்கம் 53,300, சேதாரம் 4,264, கூலி 1,950, மொத்தம் 59,514. வற் கடை என்றால் 70,000 க்கு மேல். கலியாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது அந்தக் காசைத் தேடி ஓட வேண்டிவரும். 'அரைக் கிராமுக்கு மேல் கூடினால் கூடுதலுக்குச் சேதாரமும் கூலியும் இல்லை' என்று முதலே பேசி எழுதுவித்தவர்கள் இருக்கிறார்கள். சாதாரணமாகக் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், ஏனென்றால் அந்த நேரம் உங்கள் ஓடர் அவர்களுக்கு வேண்டும். எடுக்கப் போகும்போது யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

எடுக்கிற அன்று உங்கள் கண்முன் நிறுக்கச் சொல்லுங்கள். தராசில் அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்தின் அந்த வருட முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பில்லில் நிறை கிராமில் தசம இலக்கத்தோடு, கரட், அன்றைய விலை, சேதாரம், கூலி, வற் இருந்தால் வற், பழைய தங்க வரவு எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும். துண்டுக் கடதாசியில் மொத்தத்தை மட்டும் எழுதித் தந்தால் வாங்காதீர்கள். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும் என்பது 2003 ஆம் ஆண்டின் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் இருக்கிறது. மறுத்தால் 1977 க்கு அழைத்து முறையிடலாம். கரட்டில் சந்தேகம் தீராவிட்டால் தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகார சபையில் பரிசோதிக்கலாம். கொழும்புக்கு யாராவது போகும்போது கொடுத்துவிடுங்கள், கலியாணத்துக்கு முன் நேரம் இருக்கிற மாதிரிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மூன்று கடைக்கும் நாளைக்கே ஒரே நேரத்தில் போன் எடுங்கள். 'ஐந்து பவுண் கொடி, எல்லாம் அடக்கி, வற்றும் சேர்த்து, இன்றைக்கு எவ்வளவு?' என்று மட்டும் கேட்டு எழுதுங்கள். பவுணுக்கு மேலதிகத்தைப் பார்த்து, குறைந்த கடையில் போய் இருந்து பழைய சங்கிலியைக் கிராமாக வரவு வைப்பார்களா என்று கேளுங்கள். ஓம் என்றால் அங்கேயே கொடுங்கள். இல்லை என்றால், கொஞ்சம் கூடக் கேட்டாலும் வரவு வைக்கிற கடையோடு சேர்த்துத் திரும்ப ஒருமுறை கணக்குப் பாருங்கள், அந்த 23,000 ஐயும் உள்ளே எடுத்து.